ஆனோடு நேரா, எதிரா? மின்கலப் பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈசூனில் ஒரு வீவக வீட்டில், உயர்நிலை நான்கில் படிக்கும் மாணவி ஒருத்திக்கு நான் வேதியியல் துணைப்பாடம் நடத்துகிறேன். அண்மையில் அவள், துத்தநாகத் தகடும் தாமிரத் தகடும் தனித்தனிக் குவளைகளில் தத்தம் சல்பேட் கரைசலில் நிற்கும் டேனியல் மின்கலத்தை வரைந்து, துத்தநாகத் தகட்டின் அருகே ‘ஆனோடு’ என்று எழுதிக் கழித்தல் குறி இட்டிருந்தாள். தமிழகத்தில் தமிழ்வழியில் படித்த அவள் தந்தை எட்டிப் பார்த்து, “இது தப்பும்மா. ஆனோடுன்னா நேர்மின்வாய். பேர்லயே நேர்னு இருக்கே” என்றார். மகள் எழுதியதுதான் சரி. ஆனால் தந்தையின் குழப்பத்துக்கும் காரணம் உண்டு.

மின்பகுப்பில் ஆனோடு வெளி மின்கலத்தின் நேர்முனையோடு இணைக்கப்படுவதால், ‘நேர்மின்வாய்’ என்ற பெயர் அங்கே பொருந்துகிறது. மின்கலம் தானே மின்னோட்டம் தரும் மின்னிறக்கத்தின்போது அப்பெயர் பொருந்தாது. ஆக்சிஜனேற்றம் எங்கே நடக்கிறதோ அதுவே ஆனோடு. ஒடுக்கம் எங்கே நடக்கிறதோ அதுவே கேத்தோடு. இந்த வரையறை இரண்டு இடங்களிலும் மாறுவதில்லை, குறிதான் மாறுகிறது. டேனியல் மின்கலத்தில் துத்தநாக அணு இரண்டு எலக்ட்ரான்களைத் தகட்டில் விட்டுவிட்டு அயனியாகக் கரைசலுக்குள் இறங்குகிறது. எலக்ட்ரான்கள் தகட்டில் தேங்குவதால் அது எதிர்முனை ஆகிறது. வோல்ட்டுமானியின் சிவப்புக் கம்பியைத் தாமிரத்திலும் கறுப்பைத் துத்தநாகத்திலும் வைத்தால் ஏறக்குறைய 1.10 வோல்ட் காட்டும். மாற்றி வைத்தால் அதே எண் கழித்தல் குறியோடு வரும். நாங்கள் அதைச் செய்து பார்த்த பிறகுதான் தந்தை ஒப்புக்கொண்டார்.

அடுத்த தவறு, எலக்ட்ரான்கள் கம்பி வழியாகத் தாமிரத்துக்குப் போய், பிறகு கரைசல் வழியாக நீந்தித் துத்தநாகத்துக்குத் திரும்புவதாக எண்ணுவது. கரைசலில் எலக்ட்ரான்கள் பயணிப்பதில்லை. அவை தாமிரத் தகட்டின் பரப்பில் தாமிர அயனிகளோடு சேர்ந்து உலோகமாகப் படிகின்றன. அவற்றின் பயணம் அங்கேயே முடிகிறது. கரைசலுக்குள்ளும், இரு குவளைகளையும் இணைக்கும் பொட்டாசியம் நைட்ரேட் உப்புப் பாலத்துக்குள்ளும் நகர்பவை அயனிகள் மட்டுமே.

நான் மிக அதிகமாகத் திருத்தும் தவறு மூன்றாவது. “எதிர் அயனி நேர்முனைக்குத்தான் ஓடும், ஆகவே நைட்ரேட் தாமிரத்தின் பக்கம் போகிறது” என்று நல்ல மாணவர்களும் எழுதுகிறார்கள். உண்மையில் மின்னிறக்கத்தின்போது எதிர் அயனிகள் ஆனோடை நோக்கி, அதாவது எதிர்முனையை நோக்கி நகர்கின்றன. இது முரணாகத் தோன்றினாலும் முரண் அன்று. தகட்டின் மின்னூட்டத்தை அதையொட்டிய மிக மெல்லிய அயனி அடுக்கு மறைத்துவிடுவதால், சற்றுத் தள்ளியிருக்கும் அயனி தகட்டின் குறியை உணர்வதில்லை. அது உணர்வது கரைசலில் எந்தப் பக்கம் எந்த மின்னூட்டம் மிகுகிறது என்பதை மட்டுமே.

ஒரு கணக்கு இதைத் தெளிவாக்கும். துத்தநாகத் தகடு 0.065 கிராம் எடை குறைந்தால், 0.001 மோல் துத்தநாக அயனி கரைசலில் சேர்ந்துள்ளது. கம்பி வழியே 0.002 மோல் எலக்ட்ரான், அதாவது சுமார் 193 கூலும், போயிருக்கிறது. அந்தக் குவளையில் அதே அளவு நேர் மின்னூட்டம் மிகுந்துவிடாதபடி, பாலத்திலிருந்து நைட்ரேட் அயனிகள் உள்ளே வருகின்றன. துத்தநாக அயனிகளில் ஒரு பகுதி பாலத்துக்குள் வெளியேறுகிறது. இரண்டும் சேர்ந்தே கணக்கை ஈடுசெய்கின்றன, நைட்ரேட் மட்டுமே அல்ல. மறுபக்கம் தாமிர அயனிகள் கரைசலை விட்டுப் போவதால் சல்பேட் மிஞ்சுகிறது. அதைச் சமன்செய்யப் பொட்டாசியம் அங்கே வருகிறது. தாமிரத் தகட்டின் எடை ஏறத்தாழ 0.064 கிராம் கூடும்.

பொட்டாசியம் நைட்ரேட் கரைசலில் ஊறிய வடிதாளைப் பாலமாக வைத்திருந்தால், அதை எடுத்த உடனே மின்னோட்டம் நின்றுவிடுகிறது. தாள் காய்ந்துபோனாலும் இதே கதிதான். மின்னோட்டம் மெல்ல மெல்லக் குறையும், மாணவர்கள் தகட்டைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். தாமிரத்துக்குப் பதிலாக வெள்ளி நைட்ரேட் குவளையை வைக்கும்போது பாலத்தில் பொட்டாசியம் குளோரைடைப் பயன்படுத்தக் கூடாது. பாலம் தொடும் இடத்தில் வெள்ளி குளோரைடு வெண்மையாகப் படிந்து தாளை அடைத்துவிடும்.

பாலம் எதற்கு, இரு தகடுகளையும் ஒரே தாமிர சல்பேட் கரைசலில் வைத்தால் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. வைத்துப் பார்த்தால், சில நிமிடங்களில் துத்தநாகத்தின் மேல் செம்பழுப்புப் படலம் படரும். எலக்ட்ரான்கள் கம்பிக்குள் போகாமல் அந்தப் பரப்பிலேயே தாமிர அயனிகளுக்குக் கைமாறுகின்றன என்பதற்கு அதுவே சாட்சி. துத்தநாகம் கரைந்துகொண்டே இருந்தாலும் அதில் பெரும்பகுதி கம்பிக்கு மின்னோட்டமாக வராமல் வெப்பமாகப் போய்விடும்.