குரூப் 4 ஹால்ல ஒருத்தர் பிட் வச்சிருக்கறத பாத்துட்டீங்களா? இந்த தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

போன தடவ குரூப் 4 எழுதும்போது நடந்தது. மணி பத்தே முக்கால் இருக்கும், நான் மேத்ஸ் பார்ட்ல ஒரு வட்டிக் கணக்குல மாட்டிக்கிட்டு தலைய தூக்குறேன், எனக்கு ரெண்டு பெஞ்ச் முன்னாடி ஜன்னலோர வரிசைல இருந்தவரு தொடைக்கு அடியில இருந்து கைக்குட்டை சைஸுக்கு மடிச்ச பேப்பர எடுத்து பாத்துட்டு திரும்ப சொருகுறாரு. ஒரு தடவன்னா சரி விடலாம், அஞ்சு நிமிஷத்துல மூணு தடவ. எனக்கு கையெல்லாம் பதறிடுச்சு, ரெண்டு வருஷமா படிச்சிட்டு வந்து உக்காந்திருக்கோம்ல.

அங்கதான் நான் முதல் தப்பு பண்ணேன். அவரையே பாத்துட்டு இருந்தேன். திரும்ப எடுக்குறாரான்னு கன்ஃபார்ம் பண்ணணுமாம்! 3 மணி நேரத்துல 200 கேள்வி, கணக்கு போட்டா ஒரு கேள்விக்கு 54 செகண்டுதான். நான் நாலு நிமிஷம் வேடிக்க பாத்தேன்னா நாலு கேள்விக்கு மேல போச்சு, ஒரு கேள்விக்கு ஒன்றரை மார்க்குன்னா ஆறு மார்க்குக்கு மேல, குரூப் 4ல ஆறு மார்க்குக்குள்ள எத்தன ஆயிரம் பேர் நிக்கிறாங்கன்னு கட்ஆஃப் பாத்தவங்களுக்கு தெரியும். அதவிட பெரிய பிரச்சன, சூப்பர்வைசர் நிமிர்ந்து பாத்தா அவர் கண்ணுல முதல்ல படுறது தலைய அங்க இங்க திருப்புற நான்தான், பிட் வச்சிருக்கவரு குனிஞ்சு சமத்தா எழுதிட்டு இருப்பாரு. அடுத்தவங்க ஷீட்ட பாத்து எழுதறது, அவங்ககிட்ட பேசறது எல்லாமே டிஎன்பிஎஸ்சி ரூல்படி ஒழுங்கீனம்தான், நீங்க நல்ல எண்ணத்துல பாத்தீங்கன்னு உங்க கழுத்து சொல்லாது.

அதனால ரெண்டு தடவ கண்ணுல பட்டாலே போதும், டைமயும் சீட்டையும் மனசுல வச்சுக்கிட்டு கைய தூக்குங்க. எந்திரிக்க வேணாம், "சார்"னு சத்தமா கூப்பிடவும் வேணாம். எழுந்து நின்னு "சார் அவரு காப்பி அடிக்கிறாரு"ன்னு விரல் நீட்டுனா மூணு விஷயம் ஒரே நேரத்துல நடக்கும்: ரூம்ல இருக்க மத்த எல்லாரும் பேனாவ நிறுத்திட்டு திரும்பி பாப்பாங்க, அந்த ஆளு பேப்பர கீழ தள்ளி விட்ருவாரு, அது யார் காலடில போய் கெடக்கும்னு சொல்ல முடியாது. ஒரு பாவப்பட்ட புள்ள காலடில கெடந்தா அதுக்கு யார் பதில் சொல்றது?

சூப்பர்வைசர் பக்கத்துல வந்தப்புறம் எப்படி சொல்றதுங்கறதுலதான் நெறைய பேர் சொதப்புறாங்க. சின்ன பேப்பர்ல எழுதி நீட்டுறேன்னு கிளம்பாதீங்க, எக்ஸாம் ஹால்ல உங்க கைல துண்டு பேப்பர் இருந்தா அதுக்கு பேரு பிட்டு, உள்ள என்ன எழுதியிருக்குன்னு அப்புறம்தான் படிப்பாங்க. ஓஎம்ஆர் ஷீட் ஓரத்துலயும் எழுதிடாதீங்க, தேவையில்லாத ஒரு எழுத்து இருந்தாலே உங்க ஷீட்டுக்கே ஆபத்து. கேள்வித் தாள் பின்னாடி ரஃப் ஒர்க்குக்குன்னு ஒரு பக்கம் விட்டிருப்பாங்கல்ல, நான் அதுல எழுதி அவர் பக்கம் திருப்பி வச்சேன்:

"சார், ஜன்னல் வரிசை, 2வது பெஞ்ச். 10.45ல இருந்து தொடைக்கு கீழ இருந்து பேப்பர் எடுத்து பாக்கறாரு. நான் சொன்னதா தெரிய வேணாம்."

அவ்ளோதான். இதுல "காப்பி அடிக்கிறாரு"ங்கற வார்த்தையே இல்லன்னு கவனிங்க. அது பிட்டா இருக்கலாம், வேர்வை தொடைக்கிற டிஷ்யூவா கூட இருக்கலாம், அத முடிவு பண்றது அவங்க வேல, நமக்கு கண்ணுல பட்டத மட்டும் சொன்னா போதும். ரெஜிஸ்டர் நம்பர் தேடி எட்டிப் பாக்கவும் வேணாம், சீட் எதுன்னு சொன்னா அவங்க கைல இருக்க லிஸ்ட்ல அவங்களே பாத்துப்பாங்க. எழுதி காமிச்சிட்டு நான் கணக்குக்கு திரும்பிட்டேன். அவரும் வெவரமானவரு, நேரா அங்க போகாம எல்லா வரிசையையும் ஒரு ரவுண்டு ஹால் டிக்கெட் செக் பண்ற மாதிரி போயி, அந்த பெஞ்ச் கிட்ட நின்னு அவர மெதுவா எழுந்திரிக்க சொன்னாரு. பேப்பர் கீழ விழுந்துச்சு. அப்புறம் என்னாச்சுன்னு நான் பாக்கல, நெஜமாவே பாக்கல, 54 செகண்டு ஓடிட்டு இருந்துச்சு.

இன்னொரு கேஸ் இருக்கு, இதுதான் உங்களுக்கே ஆபத்தானது: காப்பி அடிக்கிறது உங்க ஷீட்ட பாத்து. "பாத்துட்டு போறான் விடு, நம்ம என்ன குறைஞ்சிடப் போறோம்"னு விட்டா, நாளைக்கு காமிச்சவரும் பாத்தவரும் சேந்தேதான் மாட்டுவாங்க, நீங்க கூட்டு இல்லன்னு எப்படி நிரூபிப்பீங்க? ஓஎம்ஆர் மேல கேள்வித் தாள வச்சு மூடிக்கோங்க, இப்ப நிரப்புற வரி மட்டும் தெரிஞ்சா போதும். அவர்கிட்ட திரும்பி "பாக்காதீங்க"ன்னு கிசுகிசுக்காதீங்க, தூரத்துல இருந்து பாக்கறவங்களுக்கு அது ஆன்சர் சொல்ற மாதிரியேதான் இருக்கும். மூடியும் எட்டிப் பாத்தா மறுபடி கைய தூக்குறதுதான், "சார் எனக்கு வேற சீட் கிடைக்குமா, பக்கத்துல இருக்கவரு என் ஷீட்ட பாக்குறாரு"ன்னு மெதுவா சொல்லுங்க.

சூப்பர்வைசர் கண்டுக்கவே இல்லன்னா? அதுவும் நடக்கும். இன்னொரு தடவ கைய தூக்குங்க, அதுக்கு மேல ஹால்ல சண்ட வேணாம். பறக்கும் படை ஆபீசர் ரவுண்ட்ஸ் வந்தா அவங்ககிட்டயும் இதே மாதிரி காமிக்கலாம். இல்லன்னா பரீட்ச முடிஞ்சப்புறம்தான். ஆனா 12.30க்கு பெல் அடிச்சதும் அந்த கோவத்துல இருக்காதீங்க, அதுக்கப்புறம் வர்ற கால் மணி நேரம் A, B, C, D, E ஒவ்வொண்ணும் எத்தன நிரப்பிருக்கோம்னு எண்ணி எழுதுற டைம், அதுல தப்பு பண்ணா நஷ்டம் உங்களுக்குதான். அத முடிச்சு ஷீட்ட குடுத்துட்டு நேரா சீஃப் சூப்பர்வைசர் ரூமுக்கு போங்க, ஸ்கூல்னா பெரும்பாலும் ஹெச்எம் ரூம்தான். வாயால சொல்லாம ஒரு வெள்ள பேப்பர்ல சென்டர் பேரு, ரூம் நம்பர், சீட் இருக்க இடம், மணி, பாத்தது என்ன, சூப்பர்வைசர்கிட்ட எத்தன மணிக்கு சொன்னீங்க, உங்க ரெஜிஸ்டர் நம்பர், எல்லாம் எழுதி குடுத்துட்டு அதையே போட்டோ எடுத்து வச்சு டிஎன்பிஎஸ்சிக்கும் மெயில் போடுங்க. சென்டர்ல வீடியோ எடுத்திருந்தா, மணி எழுதியிருந்தாதான் தேட முடியும், "ஒருத்தர் காப்பி அடிச்சாரு"ன்னு மொட்டையா எழுதுனா யாராலயும் எதுவும் பண்ண முடியாது.

வாட்ஸாப் குரூப்ல அந்த ஆளு பேரு போட்டு ஸ்டேட்டஸ் வைக்கறது மட்டும் வேணாம், தப்பா இருந்தா கேஸ் உங்க மேல வரும், சரியா இருந்தாலும் அவர உஷார்படுத்துன மாதிரிதான் ஆகும்.

ஒண்ணு ஒத்துக்கணும், ஹால்ல உக்காந்து எல்லாத்தையும் கண்டுபிடிக்க முடியாது. 2019 செப்டம்பர்ல நடந்த குரூப் 4ல ராமேஸ்வரம், கீழக்கரை சென்டர்ல சிலர் அழியற மையில எழுதிட்டு போக, அப்புறம் புரோக்கருங்க ஷீட்ல ஆன்சர மாத்துனாங்க, பக்கத்து சீட்ல இருந்தவருக்கு அந்த ஆளுங்க சாதாரணமா எழுதுன மாதிரிதான் தெரிஞ்சிருக்கும். ரிசல்ட் வந்தப்புறம் டாப் ரேங்க்ல அந்த ரெண்டு சென்டர் ஆளுங்களா குவிஞ்சு கெடந்தத பாத்துதான் சந்தேகமே கிளம்புச்சு, கடைசில 99 பேருக்கு வாழ்நாள் தடை. அதனால ரிசல்ட்ல ஏதாவது உறுத்துனாலும் அதையும் இதே மாதிரி எழுதி அனுப்பலாம், சென்டர், ரேங்க், எது உறுத்துதுங்கறது மட்டும், யார் பேர்லயும் குற்றம் சுமத்தாம.