ஹைட்ரலசின் டப்பாவில் ஹைட்ராக்சிசின்: மருந்தக லேபிளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹைட்ரலசின் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரை. ஹைட்ராக்சிசின் அரிப்புக்கும் பதற்றத்துக்கும் கொடுப்பது. இரண்டும் 25 மி.கி. மாத்திரையாக வரும். அகரவரிசையில் அடுக்கினால் இரண்டுக்கும் நடுவில் ஹைட்ரோகுளோரோதயசைடு, ஹைட்ரோகார்டிசோன், ஹைட்ராக்சிகுளோரோகுயின் எல்லாம் வரவேண்டும். பெரிய மருந்தகத்தில் வரும். சிறிய மருந்தகத்தில் அவற்றில் பாதி ஸ்டாக்கே இருக்காது. அதனால் இந்த இரண்டும் ஒட்டி உட்கார்ந்துவிடும். ரத்த அழுத்த நோயாளிக்கு ஹைட்ராக்சிசின் போனால் அவர் தூங்கி வழிவார், அழுத்தம் அப்படியே இருக்கும். அரிப்பு என்று வந்தவருக்கு ஹைட்ரலசின் போனால் அழுத்தம் சரிந்து தலை கிறுகிறுக்கும், நெஞ்சு படபடக்கும்.

பெயர் உச்சரிப்பிலோ எழுத்திலோ, டப்பா தோற்றத்திலோ ஒன்றைப்போல் இருக்கும் இத்தகைய மருந்துகளை லாசா மருந்துகள் என்பார்கள். இவற்றுக்கு ரேக்கில் லேபிள் ஒட்டும் திட்டம் கிட்டத்தட்ட எல்லா மருத்துவமனையிலும் காகிதத்தில் இருக்கிறது. அது எங்கே சறுக்குகிறது என்பதை இந்த ஒரு ஜோடியை வைத்தே பார்க்கலாம்.

எடுப்பவரை மட்டும் நினைத்து ஒட்டுவது

ரேக் லேபிளை இரண்டு பேர் படிக்கிறார்கள். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மருந்தை எடுப்பவர் ஒருவர். வந்த சரக்கைப் பிரித்து அடுக்குபவர் இன்னொருவர். திட்டம் போடும்போது நம் மனதில் வருவது முதலாமவர் மட்டும்தான். ஆனால் எடுப்பவர் தவறினால் ஒரு நோயாளிக்குத்தான் தவறு போகும். அடுக்குபவர் ஒரு பெட்டியை டப்பா மாற்றிக் கொட்டினால், அது தீரும்வரை வருகிற எல்லோருக்கும் போகும். அதுவும் எப்படி? எடுப்பவர் சரியான லேபிளைப் பார்த்து, சரியான டப்பாவில் கைவிட்டு, தவறான மாத்திரையை எடுப்பார். லேபிள் சரியாக இருப்பதே அவரை ஏமாற்றும்.

நான் வேலை பார்த்த ஒரு சிறிய மருத்துவமனையில் இதுதான் நடந்தது. மாலை நேரம், கவுன்ட்டரில் கூட்டம், பத்து ஸ்ட்ரிப் ஹைட்ராக்சிசின் ஹைட்ரலசின் டப்பாவுக்குள் போனது. லேபிள் பெரியதாக, சிவப்பாக, டப்பாவின் முகப்பில் இருந்தது. அடுக்கியவர் டப்பாவை மேலிருந்து பார்த்துக் கொட்டினார். முகப்பு அவர் கண்ணிலேயே படவில்லை.

அதன்பிறகு இரண்டு மாற்றம் செய்தோம். டப்பாவின் உள்பக்கப் பின்சுவரிலும் அதே லேபிளை ஒட்டினோம். மேலிருந்து கொட்டுபவர் கண்ணில் அதுதான் முதலில் படும். அப்புறம், டப்பாவை எடுத்து வேறிடத்தில் வைத்தால் தெரியவேண்டும் என்பதற்காகத் தட்டின் விளிம்பிலும் ஒன்று. டப்பாவில் மட்டும் லேபிள் இருந்தால், தூசி தட்டும் நாளில் இரண்டு டப்பாக்கள் இடம் மாறினாலும் யாருக்கும் தெரியாது. எடுப்பவர் கை பழகிய இடத்துக்குத்தானே போகும்?

பெரிய எழுத்தைத் தவறாகப் பயன்படுத்துவது

பெயர்களில் வேறுபடும் பகுதியை மட்டும் பெரிய எழுத்தில் காட்டும் முறை 2001ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் முயற்சியால் பரவியது. நம் ஜோடிக்கு அது இப்படி இருக்கும்:

```
hydrALAZINE
hydrOXYzine
```

பொதுவான `hydr` சின்ன எழுத்தில் பின்வாங்குகிறது, வேறுபடும் நடுப்பகுதி முன்னால் வருகிறது. சூட்சுமம் அவ்வளவுதான். இதில் அடிக்கடி பார்க்கும் தவறு, முழுப் பெயரையும் பெரிய எழுத்தில் அடிப்பது. `HYDRALAZINE`, `HYDROXYZINE` என்று எழுதினால் இரண்டும் மறுபடி ஒன்றைப்போல் ஆகிவிடும். அதைவிட மோசம், அழகுக்காக முதல் நான்கு எழுத்தைத் தடிமனாக்குவது. ஒன்றாக இருக்கும் பகுதியையே தூக்கிக் காட்டினால் குழப்பம் கூடத்தான் செய்யும்.

இன்னொன்று, ரேக்கில் ஒரு விதமாகவும் கம்ப்யூட்டர் பில்லிங் திரையில் வேறு விதமாகவும் இருப்பது. மருந்தாளுநர் திரையில் பார்த்த சொல்லின் வடிவத்தை மனதில் ஏந்திக்கொண்டுதான் ரேக்குக்கு வருகிறார். ரேக்கிலும் அதே வடிவம் இருக்கவேண்டும். எந்த எழுத்துகளைப் பெரிதாக்குவது என்பதையும் நாமே கற்பனை செய்ய வேண்டாம், வெளியிடப்பட்ட பட்டியல்கள் இருக்கின்றன. இந்த முறையால் தவறுகள் குறைகின்றனவா என்பதில் ஆய்வுகள் ஒரே பதிலைத் தரவில்லை. அதனால் இதை ஒரு துணையாக வைத்துக்கொள்ளலாம், இதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

லேபிளில் வேறென்ன எழுதலாம்? என் அனுபவத்தில் அதிகம் உதவியது, எதற்கான மருந்து என்ற ஒரு சொல்.

```
hydrOXYzine
25 mg மாத்திரை
அரிப்பு / பதற்றம்
ரேக் 4, தட்டு 2
```

சீட்டில் ரத்த அழுத்தம் என்றிருந்து லேபிளில் அரிப்பு என்றிருந்தால் கை நின்றுவிடும். சிலர் கூடவே ‘இது ஹைட்ரலசின் அல்ல’ என்று எழுதுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஹைட்ரலசினைத் தேடி வருபவர் கண்ணில் அந்தப் பெயர் பட்டதுமே ‘கிடைத்துவிட்டது’ என்று நினைப்பார், ‘அல்ல’ என்பதைப் படிக்கக் காத்திருக்க மாட்டார். மற்ற மருந்தின் பெயரைச் சொல்லாமல் ‘பெயரை முழுதாகப் படிக்கவும்’ என்று போட்டால் போதும்.

பிரித்து வைத்துவிட்டு வழி சொல்லாமல் விடுவது

ஜோடியைப் பிரித்து வேறு வேறு ரேக்கில் வைப்பது நல்ல யோசனைதான். ஆனால் ஹைட்ராக்சிசினை நான்காம் ரேக்குக்கு மாற்றிவிட்டு, பழைய இடத்தை மூடிவிட்டால் என்ன ஆகும்? இரவுப் பணிக்கு வந்த மாற்று மருந்தாளுநர் அகரவரிசையில் தேடி அங்கே வருவார். ‘hydr’ என்று தொடங்கும் 25 மி.கி. மாத்திரை ஒன்றுதான் இருக்கும். இதுதான் போலிருக்கிறது என்று எடுத்துவிடுவார். பிரிப்பதற்கு முன்னால் இரண்டும் பக்கத்தில் இருந்தபோதாவது ஒப்பிட்டுப் பார்க்க வாய்ப்பிருந்தது. இப்போது அதுவும் போயிற்று.

அதனால் பழைய இடத்தில் காலி டப்பா ஒன்றை விட்டு, அதில் `hydrOXYzine → ரேக் 4, தட்டு 2` என்று அட்டை வையுங்கள். அந்தக் காலி இடத்தில் வேறு மருந்தை நிரப்பும் ஆசை கட்டாயம் வரும், இடப்பற்றாக்குறை அப்படி. அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் ஸ்டிக்கர்

லாசா மருந்துகளின் பட்டியலைப் பதிவிறக்கி அதிலுள்ள எல்லாவற்றுக்கும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினால், ஒரு மாதத்தில் அது சுவரின் நிறம் போல ஆகிவிடும். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம், பிறகு பாதிக்கு மேல் கிழித்தோம். எங்கள் ஸ்டாக் பட்டியலைத் திறந்து ஒவ்வொரு ஜோடிக்கும் மூன்று கேள்வி கேட்டோம்: இரண்டும் நம்மிடம் இருக்கிறதா, அளவும் வடிவமும் ஒன்றா, மாறினால் நோயாளிக்கு உடனே தீங்கா? வலிப்புக்கான லாமோட்ரிஜின், எச்.ஐ.வி.க்கான லாமிவுடின் இரண்டிலும் 100, 150 மி.கி. மாத்திரைகள் உண்டு. வலிப்பு மருந்து நின்றுபோனால் என்ன ஆகும் என்று தெரியும், அதனால் அது பட்டியலில் இருந்தது. பெயர் மட்டும் ஒன்றுபோல் ஒலித்து, ஒன்று மாத்திரையும் மற்றது களிம்புமாக இருந்தவை போய்விட்டன.

இணையப் பட்டியலைப் பார்த்து ஒட்டுபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது ஒரே பெயரின் இரு வடிவங்களை. மெட்டோபுரோலால் டார்ட்ரேட் உடனே வேலை செய்வது, சக்சினேட் மெதுவாக வெளியாவது. லேபிளில் ‘மெட்டோபுரோலால் 50’ என்று மட்டும் இருந்தால் அது பாதிப் பெயர்தான். உப்பின் பெயரும் ‘நீடித்து வெளியாகும்’ என்பதும் மருந்தின் பெயருக்குச் சமமான அளவில் இருக்கவேண்டும்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சிவப்பு லாசாவுக்கு, மஞ்சள் அதிக ஆபத்துக்கு, நீலம் குளிர்பதனத்துக்கு என்று போட்டால் அதை நினைவில் வைத்திருப்பவர் போட்டவர் மட்டுமே. நிறம் கண்ணை நிறுத்தட்டும். அடையாளம் சொல்லும் வேலையை எழுத்துக்கு விடுங்கள்.

லேபிளால் ஆகாதவை

ஆம்பியூல்களை அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தட்டில் உதிரியாகக் கொட்டிவிட்டால் எந்த ரேக் லேபிளும் காப்பாற்றாது. ஒரே நிறுவனத்தின் 10 மி.லி. ஆம்பியூல்கள் அண்ணன் தம்பி போல இருக்கும். செறிந்த பொட்டாசியம் குளோரைடும் ஊசிக்கான நீரும் அருகருகே இருந்தால் லேபிள் பற்றிப் பேசுவதே தவறு. பொட்டாசியம் பூட்டிய அலமாரிக்குப் போகவேண்டும், வார்டு ஸ்டாக்கில் இருக்கவே கூடாது. வார்டிலிருந்து திரும்பி வரும் உதிரி ஆம்பியூல்களை நேராக ரேக்கில் போடாமல், தனித் தட்டில் வைத்து இன்னொருவர் பெயரைப் படித்த பிறகு சேர்க்கலாம்.

தொலைபேசியில் சொல்லும் ஆர்டரும் இதே கதைதான். காதில் தவறாக விழுந்த பெயரை எவ்வளவு பெரிய எழுத்தும் திருத்தாது. எதற்கு மருந்து என்று சேர்த்துத் திருப்பிச் சொல்லவேண்டும்.

சப்ளையர் மாறும் நாளும் கவனத்துக்குரியது. பெட்டியின் நிறம் மாறி, நேற்றுவரை வேறாகத் தெரிந்த இரண்டு இன்று ஒன்றைப்போல் ஆகிவிடும். சரக்கு வாங்குபவர் புதுப் பெட்டியை அதன் அண்டை டப்பாக்களின் பக்கத்தில் ஒரு தடவை வைத்துப் பார்க்கவேண்டும். அந்த நேரத்தில் அவரைத் தவிர யாரும் அதைப் பார்ப்பதில்லை.

கலந்துவிட்டதா என்று கண்டுபிடிப்பது

மேலே சொன்ன சம்பவம் வெளிவந்தது வாரக் கணக்கெடுப்பில். கம்ப்யூட்டரில் ஹைட்ரலசின் 11 ஸ்ட்ரிப், ஹைட்ராக்சிசின் 22. டப்பா வாரியாக எண்ணினால் 21, 12. ஒன்றில் பத்து கூடுதல், மற்றதில் சரியாகப் பத்து குறைவு. திருட்டோ கணக்குப் பிழையோ இப்படிக் கண்ணாடிபோல் நேரெதிராக வருவது அரிது. லாசா ஜோடியில் இப்படி வந்தால் முதலில் டப்பாவைக் கொட்டிப் பாருங்கள்.

கொட்டி, ஸ்ட்ரிப்பின் மேலுள்ள பெயரைப் படித்து மறுபடி எண்ணினோம். ஹைட்ரலசின் 14, ஹைட்ராக்சிசின் 19. இப்போது வித்தியாசம் மூன்று கூடுதல், மூன்று குறைவு. அதாவது ஹைட்ரலசின் என்று பில் போட்டு மூன்று ஸ்ட்ரிப் ஹைட்ராக்சிசின் வெளியே போயிருக்கிறது. பில் பதிவில் பெட்டி வந்த தேதிக்குப் பின் ஹைட்ரலசின் வாங்கியவர்களைத் தேடினோம், இரண்டு பேர். அன்று மாலைக்குள் இருவரையும் அழைத்து, ஸ்ட்ரிப்பை மாற்றி, மருத்துவரிடம் ரத்த அழுத்தம் பார்க்கச் செய்தோம். டப்பா வாரியாக மட்டும் எண்ணி பத்தை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் சரிசெய்திருந்தால், கணக்கு நேராகியிருக்கும், அந்த மூன்று ஸ்ட்ரிப் அவர்கள் வீட்டிலேயே இருந்திருக்கும்.