சர்வே ஷீட்டில் வெற்றுக் கட்டம்: பூஜ்யமா, விடுபட்டதா?

மொபைல் சர்வேயை எக்செலுக்கு மாற்றியதும் பாதிக் கட்டங்கள் காலியாக இருக்கும். அந்தக் கட்டத்தையே எவ்வளவு நேரம் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது, அதற்கு முந்தைய கேள்வியைப் பாருங்கள். B-யில் "மாடு இருக்கிறதா?", C-யில் "எத்தனை?" என்று வையுங்கள். B-யில் "இல்லை" என்றால் படிவமே C-யைத் தாண்டிப் போயிருக்கும், அதனால் அந்த வெற்றுக் கட்டம் பூஜ்யம்தான். "ஆம்" என்று சொல்லிவிட்டு C காலி என்றால் எண்ணிக்கை விடுபட்டிருக்கிறது. B-யே காலியா? அதுவும் விடுபட்டதுதான்.

10 வீடுகளில் 6 வீட்டில் மாடு இல்லை, மற்ற நான்கில் 2, 3, 1, அப்புறம் ஒரு காலி. C-க்கு அப்படியே AVERAGE போட்டால் காலிகளையெல்லாம் விட்டுவிட்டு 2 என்று காட்டும், எல்லாக் காலியையும் 0 ஆக்கினால் 0.6 வரும். சரியான கணக்கு 6/9, அதாவது 0.67. D-யில் இதைப் போட்டு, சராசரியை D-க்கு எடுங்கள்:

```
=IF(C2<>"",C2,IF(TRIM(B2)="இல்லை",0,"NA"))
```

NA எழுத்து என்பதால் AVERAGE அதைச் சேர்க்காது. வெறும் `=C2` என்று இழுத்துவிடாதீர்கள், எக்செல் காலியைச் சத்தமில்லாமல் 0 ஆக்கிவிடும். காலியாகத் தெரியும் கட்டத்தில் இடைவெளி ஒளிந்திருக்கிறதா என்பதை `=LEN(C2)` காட்டிக்கொடுக்கும். B-யில் "இல்லை", C-யில் 3 என்று முரணாக வந்தால் இந்த ஃபார்முலா 3-ஐ அப்படியே எடுத்துக்கொள்ளும், அவற்றை மட்டும் ஃபில்டர் போட்டுக் கையால் பார்க்க வேண்டியதுதான்.