பேத்தியின் ஸட்ஜமும் ஒரு காகிதத் துண்டும்

பேத்தி வீணையில் ஸட்ஜத்தை நீட்டினால் சுருதி லேசாக ஏறிவிடும். அவள் காதுக்கு அது எட்டவில்லை. மெட்டில் கோளாறில்லை. அழுத்தும் விரல்தான் பஞ்சமத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தது.

மின்விசிறியை நிறுத்தினேன் (புதுச்சேரி வெயிலில் அதற்கே பெரிய சண்டை). ஸட்ஜத்துக்குச் சேர்த்த சாரணித் தந்தியின் நடுவில், கூரை போல மடித்த காகிதத் துண்டை உட்கார வைத்தேன். சாரணியைத் தொடாமல், பஞ்சமத் தந்தியின் 5-ஆவது மெட்டில் அதே ஸட்ஜத்தை மீட்டச் சொன்னேன். இழுத்தால் காகிதம் சும்மா கிடந்தது. விரலைத் தளர்த்தியதும் துள்ளியது.

“பாட்டி, தொடாமலே அது பாடுது!”

அப்புறம் காகிதத்தை எடுத்துவிட்டு, நாதம் அடங்கும்வரை அடுத்த மீட்டு கூடாது என்றேன். இப்போது சுருதி பிசகினால் அவளே முகம் சுளிக்கிறாள். கமகம் இன்னும் ஆரம்பிக்கவில்லை.