கணக்கில் பணம் இருந்தும் கார்டு மறுக்கிறதா?

புது டெபிட் கார்டில் 2,400 ரூபாய்க்கு பஸ் டிக்கெட் எடுக்கப் பார்த்தேன். ஓடிபி கூட வரவில்லை, 'Transaction declined' என்றது. வங்கி ஆப்பில் கார்டு பகுதியைத் திறந்தால், ஆன்லைன் பயன்பாடு அணைந்திருந்தது. ரிசர்வ் வங்கி விதிப்படி, 2020 அக்டோபர் முதல் புதுக் கார்டு உள்நாட்டு ஏடிஎம்மிலும் கடை மெஷினிலும் மட்டும்தான் வேலை செய்யும். ஆன்லைனை நாம்தான் இயக்க வேண்டும். இயக்கினேன், மறுபடியும் மறுத்தது. பக்கத்திலேயே தினசரி வரம்பு 2,000 என்று இருந்தது! அதை 5,000 ஆக்கியதும் டிக்கெட் கிடைத்தது.

மறுபடி கட்டும் முன் ஸ்டேட்மெண்டையும் பாருங்கள். பற்று விழவில்லை என்றால் சரி. விழுந்து, டிக்கெட் மட்டும் பதிவாகவில்லை என்றால், அந்தப் பணம் 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.