வாய் கோணினால் புருவத்தைப் பாருங்கள்: முகநரம்பைச் சோதிக்கும் முறை

வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு வருபவரைப் பார்த்ததும் எல்லோர் கண்ணும் வாயில்தான் நிற்கும். ஆனால் கோளாறு மூளையிலா, காதுக்குப் பின்னால் எலும்புக்குள்ளா என்று பெரும்பாலும் சொல்லிவிடுவது நெற்றிதான். நர்சிங், பிசியோதெரபி, எம்பிபிஎஸ் முதலாண்டுகளில் இருப்பவர்களுக்காக அந்த ஒரு சோதனையை மட்டும் இங்கே விரிவாகப் பார்க்கலாம்.

படி 1: கிளைகளை உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள்

முகத்தை அசைப்பது ஏழாம் கபால நரம்பு. மூளைத்தண்டில் பான்ஸ் என்ற பகுதியின் கீழ்ப்பாகத்தில் தொடங்கி, உள்காதை ஒட்டிய எலும்புக்குள் ஒரு குறுகலான குழாய் வழியே சுமார் மூன்று சென்டிமீட்டர் ஓடுகிறது. காதுமடலுக்குக் கீழே, பின்பக்கமாக வெளியே வந்து, பரோட்டிட் என்ற உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் புகுந்து ஐந்து கிளைகளாகப் பிரிகிறது.

வலது உள்ளங்கையை வலது கன்னத்தில் வையுங்கள். மணிக்கட்டு காதுச் சோணைக்கு முன்னால் இருக்கட்டும், விரல்கள் மூக்கை நோக்கி விரியட்டும். மேலே நெற்றிப்பொட்டைப் பார்க்கும் கட்டைவிரல் டெம்போரல் கிளை. ஆள்காட்டி விரல் கண்ணோரம் போகும் சைகோமாட்டிக். நடுவிரல் கன்னத்துக்கும் மேலுதட்டுக்குமான பக்கல். மோதிரவிரல் தாடையோரம் கீழுதட்டுக்குப் போகும் மார்ஜினல் மான்டிபுலர். சுண்டுவிரல் கழுத்துக்கு இறங்கும் செர்விகல். விரல்களுக்கு இடையே எல்லை இவ்வளவு துல்லியமாக இருக்காது, கிளைகள் ஒன்றோடொன்று கலக்கும். ஆனால் சோதனைக்கு இது போதும்.

படி 2: நான்கு தசைகள் மட்டும்

புத்தகத்தில் முகத் தசைகளின் பட்டியல் நீளம். முதல் நாளில் நான்கு தெரிந்தால் வேலை நடக்கும். புருவத்தைத் தூக்கி நெற்றியைச் சுருக்குவது ஃப்ரான்டாலிஸ். கண்ணை இறுக மூடுவது ஆர்பிகுலாரிஸ் ஆக்யூலை. சிரிக்கும்போது வாயோரத்தை மேலே இழுப்பது சைகோமாட்டிகஸ். உதட்டைக் குவித்து மூடுவது ஆர்பிகுலாரிஸ் ஆரிஸ்.

தடுமாறும் இடம் ஒன்று உண்டு. மேலிமையைத் *தூக்கும்* முக்கியத் தசை ஏழாம் நரம்புக்குச் சொந்தமில்லை, அது மூன்றாம் நரம்பின் வேலை. ஏழாம் நரம்பு செயலிழந்தால் கண் மூடாமல் அகலத் திறந்திருக்கும். இமை தொங்கி, வாயும் கோணியிருந்தால் ஒரே நரம்பை வைத்துக் கதையை முடித்துவிடாதீர்கள். வயதானவர்களில் மட்டும் தளர்ந்த புருவத்தின் தோல் இமைமேல் சரிந்து, இமை தொங்குவதுபோல் தோன்றும். புருவத்தை விரலால் தூக்கிப் பிடித்தால் அந்தத் தோற்றம் மறையும்.

படி 3: நெற்றி ஏன் தப்பிக்கிறது

பான்ஸில் உள்ள முகநரம்புக்கருவை, அதாவது அந்த நரம்பு புறப்படும் செல்கூட்டத்தை, இரண்டு பகுதியாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பகுதி நெற்றிக்கும் கண்ணுக்கும், இன்னொன்று கன்னத்துக்குக் கீழே உள்ளவற்றுக்கும். மூளையின் மேற்பரப்பிலிருந்து கட்டளை இழைகள் இறங்கி இந்தக் கருவுக்கு வருகின்றன. கீழ்முகத்துக்கான பகுதிக்குப் பெரும்பாலும் எதிர்ப்பக்க மூளையிலிருந்துதான் கட்டளை வரும். மேல்முகத்துக்கான பகுதிக்கு இரண்டு பக்க மூளையிலிருந்தும் வரும்.

இப்போது வலது மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்கிறது என்று வையுங்கள். இடது வாயோரத்துக்கு வேறு வழியில்லாததால் அது தொய்ந்துவிடும். இடது நெற்றிக்கு இடது மூளையின் கட்டளை இன்னும் வந்துகொண்டே இருப்பதால் புருவம் எழும்பும். நரம்பே, அதாவது கருவிலிருந்து புறப்பட்ட இழைக்கற்றையே பாதிக்கப்பட்டால் நிலைமை வேறு. கட்டளை எத்தனை பக்கத்திலிருந்து கருவுக்கு வந்தாலும் தசைக்குப் போகும் கடைசி வழி ஒன்றுதான். அது அடைபட்டால் நெற்றி முதல் தாடைவரை அந்தப் பக்கம் முழுவதும் விழும்.

இதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. 2001இல் வெளிவந்த குரங்கு ஆய்வில், மேல்முகத்துக்கான கட்டளையில் நல்ல பங்கு மூளையின் நடுச்சுவர்ப் பகுதிகளிலிருந்து வருவதாகக் கண்டார்கள். அந்த இடத்துக்கு ரத்தம் தருவது ஆன்டீரியர் செரிப்ரல் தமனி. பக்கவாதத்தில் அடிக்கடி அடைபடுவது மிடில் செரிப்ரல் தமனி. எனவே நெற்றிக்கான இடமே பலமுறை அடியிலிருந்து தப்பிவிடுகிறது.

படி 4: சோதனை செய்யும் வரிசை

நல்ல வெளிச்சத்தில் எதிரே உட்கார்ந்து, ஒன்றும் சொல்லாமல் அரை நிமிடம் பாருங்கள். எந்தப் பக்கம் இமைப்பது மெதுவாக இருக்கிறது, மூக்கிலிருந்து வாயோரம் இறங்கும் மடிப்பு எந்தப் பக்கம் ஆழம் குறைந்திருக்கிறது என்பவை பேச்சில்லாமலே தெரியும். கோளாறு எந்தப் பக்கம் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். வாய் இழுபடுவது நல்ல பக்கத்தை நோக்கி. வீட்டார் பெரும்பாலும் இழுத்துப் போன பக்கத்தைக் காட்டி "இந்தப் பக்கம்தான் போச்சு" என்பார்கள். அதை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதினால் பக்கம் மாறிவிடும்.

அடுத்தது புருவம். "புருவத்தைத் தூக்குங்க" என்றால் பலருக்குப் பிடிபடாது. உங்கள் விரலை அவர் கண்முன் வைத்து மெல்ல மேலே கொண்டுபோங்கள். அவர் தலையை இன்னொரு கையால் லேசாகப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தலையை அண்ணாந்துவிடுவார். மேலே பார்க்கும்போது ஃப்ரான்டாலிஸ் தானாகவே சுருங்கும். பெங்களூரு வார்டில் வேலை செய்தால் பலருக்குத் தமிழ் தெரியாது. "மேலே நோடி", "கண்ணு முச்சி", "ஹல்லு தோர்ஸி" என்ற மூன்று கன்னடச் சொற்றொடர்கள், அதாவது மேலே பாருங்க, கண்ணை மூடுங்க, பல்லைக் காட்டுங்க என்பவை, இந்தச் சோதனைக்குப் போதும்.

சுருக்கத்தை எண்ணாதீர்கள். பல இளைஞர்களுக்குச் சுருக்கம் அவ்வளவாக விழாது, நெற்றியில் போடாக்ஸ் போட்டவருக்கும் விழாது. பார்க்க வேண்டியது புருவம் எழும்பும் உயரத்தை, இரண்டு பக்கமும் ஒப்பிட்டு. நல்ல பக்கத்துத் தோல் இழுப்பதால் பாதித்த புருவத்தின் உள்முனை கொஞ்சம் அசையலாம். வெளிமுனையைப் பாருங்கள்.

பிறகு கண்களை இறுக மூடச் சொல்லுங்கள். நலமான பக்கம் இமைமயிர் பெரும்பாலும் மறைந்துவிடும், பலவீனமான பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பாதிப்பு அதிகமானால் இமை மூடாமல், கருவிழி மேலே உருள்வதும் வெள்ளைவிழியும் தெரியும். இது நலமானவர்களிலும் நடப்பதுதான், இமை மூடாததால் நம் கண்ணுக்குப் படுகிறது. சார்லஸ் பெல் பெயரில் வழங்குவது இதுவே. இமை பாதி இறங்குவதைக் கண்டு "தசை வேலை செய்கிறது" என்று எழுதிவிடாதீர்கள். இமையைத் தூக்கும் தசை தளர்ந்தாலே அது சற்று இறங்கும். மூடியபின் உங்கள் விரலால் மெதுவாகத் திறக்க முயன்று பாருங்கள், எதிர்ப்பு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மூளைப் பாதிப்பிலும் இந்த எதிர்ப்பு லேசாகக் குறையலாம். ஆகவே கண்ணையும் புருவத்தையும் சேர்த்தே படியுங்கள்.

கடைசியாகப் பல்லைக் காட்டச் சொல்லி, கன்னத்தை ஊதச் சொல்லி, கழுத்துத் தோலை இறுக்கச் சொல்லிப் பாருங்கள். நடுவில் ஏதாவது சொல்லிச் சிரிக்கவும் வைக்கலாம். மூளைப் பாதிப்பில் பல்லைக் காட்டச் சொல்லும்போது கோணும் வாய், இயல்பாகச் சிரிக்கும்போது ஓரளவு நேராவது உண்டு. நரம்பே பாதித்திருந்தால் இரண்டிலும் ஒரே கோணல்.

படி 5: ஒரு கேஸ்

பெங்களூரு அல்சூரில் தையல் வேலை செய்யும் 52 வயதுக்காரர், சர்க்கரை உண்டு என்று வைத்துக்கொள்வோம். காலையில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் இடது ஓரமாக வழிகிறது. முந்தைய நாளிலிருந்தே இடது காதுக்குப் பின்னால் வலி. இரவு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து குளிர்காற்று அடித்ததால் வந்தது என்று வீட்டில் சொல்கிறார்கள்.

இடது புருவம் எழும்பவில்லை, கண் மூடவில்லை, வாய் வலப்பக்கம் இழுக்கிறது. அப்படியானால் நரம்புதான். நரம்பில் எங்கே? நாக்கின் இடது முன்பக்கத்தில் உப்புச் சுவை தெரியவில்லை. தையல் மெஷின் சத்தம் அந்தக் காதில் மட்டும் குத்துகிறது. சுவை இழையும், காதுக்குள் ஒலியைத் தணிக்கும் ஸ்டேபீடியஸ் தசைக்கான கிளையும் எலும்புக் குழாய்க்குள்ளேயே பிரிகின்றன. இரண்டும் போயிருப்பதால் கோளாறு அவற்றுக்கும் மேலே. இடது கண் வெளிப்பக்கம் நன்றாகத் திரும்புகிறது, கைகால் பலம் குறையவில்லை. எனவே கோளாறு பான்ஸில் இல்லை, காரணம் கடைசிப் பகுதியில் வரும். காதுத் துளையிலும் அண்ணத்திலும் கொப்புளம் இல்லை, இருந்திருந்தால் ஹெர்பீஸ் ஜோஸ்டர் பக்கம் போயிருப்போம். மிஞ்சுவது, தெளிவான காரணம் இல்லாமல் முகநரம்பு திடீரெனச் செயலிழக்கும் பெல்ஸ் பால்சி.

72 மணி நேரத்துக்குள் பிரெட்னிசோலோன் தொடங்கினால் குணமாகும் வாய்ப்பு கூடும். ஒரு வழக்கமான அளவு தினம் 50 மில்லிகிராம், 10 நாள். இவருக்குச் சர்க்கரை ஏறும் என்பதால் டாக்டர் மருந்தையும் சர்க்கரை அளவையும் சேர்த்தே கவனிப்பார். அதைவிட முதலில் செய்ய வேண்டியது கண்ணைக் காப்பது. பகலில் செயற்கைக் கண்ணீர்த் துளி, இரவில் களிம்பு, இமையை மூடி டேப். காய்ந்த கருவிழியில் புண் வந்தால் முகம் சரியான பிறகும் பார்வை குறையலாம். மூன்று மாதமாகியும் கொஞ்சமும் அசைவு வராவிட்டாலோ, வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடியிருந்தாலோ, பெல்ஸ் பால்சி என்ற முடிவையே திரும்பப் பார்க்க வேண்டும். கட்டி ஒன்று நரம்பை அழுத்தலாம்.

அதே மனிதருக்கு வாய் அதேபோல் கோணி, ஆனால் இடது புருவம் வலதுக்குச் சமமாக எழும்பி, இடது கை சற்றுத் தாழ்ந்து, பேச்சும் குழறினால்? சுவை சோதிக்க உப்பைத் தேட வேண்டாம். கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு, ஆம்புலன்ஸில் ஸ்கேன் வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்புங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு அந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரம் வரைதான் வழக்கமான வாய்ப்பு.

இந்த விதி கைவிடும் இடங்கள்

நெற்றியும் விழுந்திருக்கிறது, ஆகவே பக்கவாதம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. பக்கவாதம் பான்ஸிலேயே வந்தால் நரம்புக்கருவோ அதிலிருந்து புறப்படும் இழையோ அடிபட்டு, முகத்தின் ஒரு பக்கம் முழுவதும் விழும். முகநரம்பின் இழைகள் அங்கே ஆறாம் நரம்புக்கருவைச் சுற்றிக்கொண்டுதான் வெளியேறுகின்றன. அதனால் அதே பக்கக் கண் வெளியே திரும்பாமலும், எதிர்ப்பக்கக் கைகால் பலமிழந்தும் இருக்கலாம். இரட்டையாகத் தெரிகிறதா, நடை தள்ளாடுகிறதா என்று கேட்காமல் யாரையும் பெல்ஸ் பால்சி என்று வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

மறுபக்கமும் உண்டு. நெற்றி நன்றாக இருப்பதாலேயே மூளைதான் என்றும் ஆகாது. தாடைக்குக் கீழே அறுவை சிகிச்சையில் மோதிரவிரல் கிளை மட்டும் அடிபட்டால் கீழுதடு ஒன்றே இறங்காது, பல்லைக் காட்டும்போது அந்தப் பக்கக் கீழ்ப்பல் மறைந்தே இருக்கும். பரோட்டிட்டில் கட்டி இருந்தாலும் சில கிளைகள் மட்டும் போகலாம். தழும்பைத் தேடுங்கள், காதுமடலுக்கு முன்னாலும் கீழாகவும் விரல் வைத்துத் தடவிப் பாருங்கள்.