20 விநாடிக் காட்சிக்கு எத்தனை சொல்? வாய்ஸ் ஓவர் எழுதிப் பழகுபவர்களுக்கு ஒரு செய்முறை

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஆத்தங்குடியில், தரையில் பதிக்கும் பூக்கல் செய்வதைப் படம் பிடித்து, பின்னணிக் குரலும் சேர்த்து, உறவில் ஒரு ஆச்சியிடம் காட்டினேன். அவர்கள் வீட்டு வளவில் உட்கார்ந்து முழுவதும் பார்த்துவிட்டு, "தம்பி, கல்லைப் பாக்க விடாமப் பேசிக்கிட்டே இருக்கியேப்பா" என்றார்கள். அன்றைக்கே அந்த ஸ்கிரிப்டை எடுத்து வைத்துக்கொண்டு சொற்களை எண்ண ஆரம்பித்தேன். அதிலிருந்து ஒரே ஒரு காட்சியை மட்டும் எடுத்து, எப்படிச் சரிசெய்தேன் என்று இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் வேகத்தை அளந்துகொள்ளுங்கள்

நிமிடத்துக்கு 150 சொல் என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். அது ஆங்கிலத்துக்கான கணக்கு, தமிழுக்கு ஒத்துவராது. 'வீட்டிலிருந்து', 'வந்துகொண்டிருந்தார்கள்' என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதை அங்கே இரண்டு மூன்று சொற்களாகப் பிரித்துச் சொல்வார்கள். நம் சொல் நீளம், அதனால் ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் எண்ணிக்கை குறைவு.

நீங்களே எழுதிய ஏதாவது ஒன்றிலிருந்து 100 சொற்களை எண்ணி எடுங்கள். போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, எதிரில் இருப்பவருக்குச் சொல்வதுபோல வாய்விட்டுப் படியுங்கள். மனதுக்குள் படித்தால் வேகம் கூடிவிடும், அந்த அளவு உதவாது. மூன்று தடவை படித்துச் சராசரி எடுங்கள். எனக்கு 55 விநாடி வந்தது. 100-ஐ 55-ஆல் வகுத்தால் விநாடிக்கு ஏறக்குறைய 1.8 சொல். இயல்பாக மூச்சு எடுப்பதும் இதற்குள்ளேயே அடங்கிவிடும். உங்களுக்கு 1.6 வரலாம், 2 வரலாம். உங்கள் எண் எதுவோ அதுதான் உங்களுக்குக் கணக்கு.

எண்ணும்போது இரண்டு இடத்தில் ஏமாறுவோம். ஒன்று, 'வைத்துக்கொள்கிறார்கள்' என்று சேர்த்து எழுதினால் ஒரு சொல், 'வைத்துக் கொள்கிறார்கள்' என்று பிரித்தால் இரண்டு. எப்படி எழுதினாலும் சரி, அளந்தபோது எழுதிய மாதிரியே ஸ்கிரிப்டிலும் எழுதுங்கள். இன்னொன்று எண்கள். 1940 என்று எழுதினால் ஒரு சொல்லாகத்தான் தெரியும். வாயில் அது 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது'. ஸ்கிரிப்டில் எண்களை எழுத்தாலேயே எழுதிவிடுங்கள்.

எழுதியதை எண்ணுங்கள்

காட்சியின் நீளம் 20 விநாடி. கண்ணாடித் தகடு, அதன் மேல் சட்டம், அச்சு, வண்ணம் ஊற்றுவது, அச்சைத் தூக்குவது. இதற்கு நான் முதலில் எழுதியது:

"அதாவது பார்த்தீர்கள் என்றால், முதலில் ஒரு கண்ணாடித் தகட்டை எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். அதன் மேல் இந்த இரும்புச் சட்டத்தை வைக்கிறார்கள். அப்புறம் அதற்குள்ளே பூ டிசைன் உள்ள ஒரு அச்சை வைத்து, அந்த அச்சில் இருக்கக்கூடிய ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணச் சிமெண்ட் கலவையை ஊற்றுகிறார்கள். ஊற்றி முடித்த பிறகு அச்சை மெதுவாக மேலே தூக்குகிறார்கள். பார்த்தால் வண்ணங்கள் ஒன்றோடு ஒன்று கலக்காமல் அப்படியே நிற்கிறது என்பது உண்மையிலேயே ஆச்சரியமான ஒரு விஷயம்."

எண்ணினால் 51 சொல். 1.8-ஆல் வகுத்தால் 28 விநாடிக்கு மேல் போகிறது. 20 விநாடிக்குள் திணிக்க வேகமாகப் படித்திருக்கிறேன். ஆச்சிக்குக் கல் கண்ணில் படாமல் போனது அதனால்தான்.

நிறுத்தத்துக்கு முதலில் நேரம் ஒதுக்குங்கள்

எழுதி முடித்து மிச்சமிருந்தால் நிறுத்தலாம் என்று நினைத்தால் மிச்சமே இருக்காது. முதலில் நிறுத்தத்தை எடுத்து வைத்துவிட்டு, மீதியில்தான் சொற்களை வைக்க வேண்டும். இந்தக் காட்சிக்கு 5 விநாடி ஒதுக்கினேன். மீதி 15 விநாடி. 15 × 1.8 = 27. ஆக எனக்குக் கிடைப்பது 27 சொல்.

வெட்டுங்கள்

வெட்ட வேண்டியது இரண்டு வகை. 'அதாவது', 'பார்த்தீர்கள் என்றால்', 'இருக்கக்கூடிய', 'என்பது', 'உண்மையிலேயே' போன்றவை முதல் வகை. இவற்றை எடுத்தால் பொருள் குறையாது. கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிடலாம்.

இரண்டாவது வகைதான் கண்ணுக்குச் சிக்காது: திரையில் தெரிவதையே வாயாலும் சொல்வது. கை வைப்பது தெரிகிறது, ஊற்றுவது தெரிகிறது, மெதுவாகத் தூக்குவது தெரிகிறது. பிறகு 'வைக்கிறார்கள்', 'ஊற்றுகிறார்கள்', 'மெதுவாக' எதற்கு? அந்த இடத்தில் படம் சொல்லாததைச் சொல்லலாம். ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. அந்த மினுமினுப்பு அடியில் இருக்கும் கண்ணாடியிலிருந்து வருகிறது. எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இது படத்தில் தெரியாது. என் முதல் வரைவிலோ இதைப் பற்றி ஒரு சொல் இல்லை!

திருத்தியது இது. ஒரு கோடு அரை விநாடி, இரண்டு கோடு ஒரு விநாடி, மூன்று கோடு இரண்டு விநாடி.

```
கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம். |
சட்டத்துக்குள் பூ அச்சு. ||
ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிறம்; சிமெண்டில் கரைத்த நிறம். |
இனி அச்சைத் தூக்க வேண்டும். |||
ஒன்றோடொன்று கலக்கவில்லை. ||
காய்ந்தபின் கண்ணாடியைப் பிரித்தால், பாலிஷ் போடாமலே கல் மினுங்கும்.
```

27 சொல், 5 விநாடி நிறுத்தம்.

'இனி' என்ற சொல்லையும் எடுத்துவிடலாமே என்று தோன்றும். எடுக்காதீர்கள். ஏதோ நடக்கப்போகிறது என்று காதுக்கு முன்கூட்டியே சொல்வது அந்த ஒரு சொல்தான். எல்லாவற்றையும் வெட்டினால் தந்தி வாசிப்பதுபோல ஆகிவிடும்.

நிறுத்தம் எங்கே விழ வேண்டும்

எல்லா முற்றுப்புள்ளியிலும் ஒரே அளவு நிறுத்தினால் பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பது மாதிரி கேட்கும். பார்ப்பவர் கண் வேலை செய்ய வேண்டிய இடத்தில்தான் நீண்ட நிறுத்தம். இங்கே அச்சு மேலெழும் அந்த இரண்டு விநாடி. குரல் நின்றதும் பட்டறைச் சத்தம் காதில் விழும். கண் தானாக வண்ணத்துக்குப் போகும்.

'கரைத்த' என்று சொல்லி நிறுத்திவிட்டு 'நிறம்' என்று சொல்லக் கூடாது. அடையும் பெயரும் பிரிந்தால் கேட்பவர் தடுமாறுவார். தமிழில் இன்னொரு தொல்லை, வினை கடைசியில் வருவது. 'எடுத்து, வைத்து, ஊற்றி, தூக்கி' என்று எச்சங்களை அடுக்கிக்கொண்டே போனால், முடிக்கும் வினை வரும்வரை நீங்களும் மூச்சு விட முடியாது, கேட்பவரும் எல்லாவற்றையும் மனதில் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு எச்சத்துக்கு மேல் வந்தால் வாக்கியத்தை உடையுங்கள்.

பேட்டி கொடுப்பவர் பேச்சுக்கு இந்தக் கத்தரியைக் கொண்டுபோகாதீர்கள். கல் செய்பவர் "ம்..." என்று யோசித்துவிட்டுச் சொல்வது அவருடைய பேச்சு. இந்தக் கணக்கெல்லாம் நாம் எழுதும் வரிகளுக்கு மட்டும்.

படத்தோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள்

கணக்குப்படி 20. படத்தை ஓடவிட்டுப் படித்தபோது 21 விநாடி வந்தது. 'ஒவ்வொரு', 'கட்டத்துக்கும்', 'ஒன்றோடொன்று' எல்லாம் நீளமான சொற்கள். சராசரியைவிட நேரம் எடுக்கின்றன. இப்படி வந்தால் நிறுத்தத்தைக் குறைக்காமல் சொல்லைக் குறையுங்கள். 'ஒன்றோடொன்று' என்பதை எடுத்தேன். அச்சைத் தூக்கிய உடனே 'கலக்கவில்லை' என்றால் எது என்று யாரும் கேட்க மாட்டார்கள். 20-க்கு வந்துவிட்டது.

அடுத்த காட்சி, காய்ந்த கற்களைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்குவது. 6 விநாடி. முதல் வரைவில் அதற்கு 14 சொல் எழுதியிருந்தேன். இப்போது ஒன்றுகூட இல்லை. கல் தண்ணீரில் முங்கும் சத்தத்தை மட்டும் கொஞ்சம் கூட்டி வைத்திருக்கிறேன்.